ஃபையராபென்டும் ஃபெர்ன்வேயும்: வேலை முடிந்த பொழுது, தூரத்தின் மேல் ஏக்கம்

கேள்வி: ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறேன். ஃபையராபென்ட் என்றால் வேலை முடிந்த நேரம், ஃபெர்ன்வே என்றால் தூர தேசத்து ஏக்கம் என்று பாடத்தில் இருக்கிறது. இந்தச் சொற்களைச் சொல்லும்போது அவர்கள் உண்மையில் என்ன உணர்கிறார்கள்? வீட்டில் ஓய்வாக உட்காரவும் வேண்டும், எங்கோ போகவும் வேண்டும் என்பது முரண் இல்லையா?

பதில்:

ஃபையராபென்டுக்கும் கடிகாரம் காட்டும் மாலைக்கும் சம்பந்தம் குறைவு. காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போன தொழிலாளிக்கு மதியம் இரண்டு மணிக்கே ஃபையராபென்ட் வந்துவிடும். இரவு முழுக்க ரொட்டி சுட்டவருக்கு அது காலையில் வரும். ‘ஆபென்ட்’ என்றால் மாலைதான், ஆனால் ஒரு திருநாளுக்கு முந்தின பொழுது என்ற பழைய பொருளும் அதற்கு உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளை இன்றும் ஹைலிகாபென்ட் என்கிறார்கள். நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் சனிக்கிழமைக்கு ஸோன்னாபென்ட் என்று பெயர், ஞாயிறுக்கு முந்தினது என்று. ‘ஃபையர்’ என்றால் கொண்டாட்டம். ஆக, இடைக்காலத்தில் ஃபையராபென்ட் என்பது திருநாளுக்கு முந்தின மாலை. மறுநாள் திருநாள் என்பதால் அன்று பட்டறை வேலையை நிறுத்திவிட வேண்டும். கைவினைஞர்களின் பேச்சில் புழங்கிப் புழங்கி, 16ஆம் நூற்றாண்டில் அது தினசரி வேலை முடியும் பொழுதையே குறிக்கத் தொடங்கிவிட்டது.

இந்தப் பழைய கதை இன்றைய உணர்வைப் புரிந்துகொள்ள உதவும். களைத்துப் போனதால் நிறுத்துவது ஃபையராபென்ட் ஆகாது. நிறுத்த வேண்டிய நேரம் வந்ததால் நிறுத்துவதுதான் ஃபையராபென்ட். வேலை மிச்சம் இருக்கலாம், மேஜையில் கோப்பு திறந்தே கிடக்கலாம், இருந்தாலும் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு கோடு வந்துவிட்டது. அதனால்தான் கிளம்புகிறவரைப் பார்த்து மற்றவர்கள் ‘ஷோனென் ஃபையராபென்ட்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். நீ போகலாம், உன் பங்கு முடிந்தது என்று பக்கத்தில் இருப்பவர் வாயால் சொல்லிக் கேட்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதிதான் இந்தச் சொல்லின் மையம் என்று நான் நினைக்கிறேன். இதே சொல்லைக் கோபத்திலும் சொல்வார்கள். சண்டை போடும் பிள்ளைகளிடம் அம்மா ‘இப்போது ஃபையராபென்ட்!’ என்றால், போதும், இதோடு நிறுத்து என்று பொருள். அங்கேயும் கோடுதான் முக்கியம்.

பழைய கூரைகளில் இதற்கு ஓர் அழகான சாட்சி இருக்கிறது. ஓடுகளைக் கையால் செய்த காலத்தில், சூளைக்காரர்கள் சில ஓடுகளின் ஈரக் களிமண்ணில் விரலாலோ குச்சியாலோ சூரியன் வரைவார்கள், பூ வரைவார்கள், வருடத்தை எழுதுவார்கள், சில சமயம் பெயரையோ ஒரு வரிப் பாட்டையோ கீறி வைப்பார்கள். இந்த ஓடுகளுக்கு ஃபையராபென்ட்ஸீகல் என்று பெயர். நாளின் கடைசி ஓட்டை இப்படி அலங்கரித்தார்கள் என்பது பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சூளையில் வெந்து கூரை ஏறிய பிறகு கீழிருந்து அதை யாரும் பார்க்க முடியாது. வீட்டைப் பிரிக்கும்போதோ கூரையை மாற்றும்போதோதான் கையில் கிடைக்கும். இப்போது அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஒரே அச்சில் ஒரே ஓட்டைச் செய்த கைக்கு, வேலை முடிகிற நிமிடத்தில் தன் இஷ்டத்துக்கு ஒரு கோடு இழுக்கத் தோன்றியிருக்கிறது. இந்த உணர்வை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சரி, திருநாளுக்காகப் பட்டறையை நிறுத்திய காலம் போய்விட்டதே, இன்று அந்தக் கோட்டை யார் போடுகிறார்கள்? சட்டம் போடுகிறது. எட்டு மணி நேர வேலை நாள் ஜெர்மனியில் 1918 நவம்பரில், போர் முடிந்து முடியாட்சி விழுந்த அதே மாதத்தில் வந்தது. இப்போது நடப்பில் உள்ள வேலை நேரச் சட்டம் 1994இல் வந்தது. அதில் பலரும் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது: ஒரு நாள் வேலை முடிந்ததற்கும் அடுத்த வேலை தொடங்குவதற்கும் நடுவில் குறைந்தது 11 மணி நேரம் இடைவிடாத ஓய்வு இருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு வேலை முடித்தவரைக் காலை ஏழு மணிக்கு முன்னால் வரச் சொல்லக் கூடாது.

‘இடைவிடாத’ என்ற சொல்தான் சிக்கலைக் கிளப்புகிறது. ஒருவர் மாலை ஆறு மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்புகிறார் என்று வையுங்கள். காலை ஐந்து மணிக்கே அவருடைய 11 மணி நேரம் நிறைந்துவிடும், எட்டு மணிக்கு வேலைக்கு வருவதில் பிரச்சினையே இல்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு மேலாளரின் மின்னஞ்சலுக்கு உட்கார்ந்து பதில் எழுதினால் என்ன ஆகும்? சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் ஓய்வு அங்கே அறுந்துபோகிறது. கணக்கு மறுபடி பதினொன்றிலிருந்து தொடங்கும், மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வேலைக்கு வரலாம். இத்தனை சின்ன குறுக்கீட்டுக்கும் இது பொருந்துமா என்று சட்ட வல்லுநர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நடைமுறையில் பலர் பதில் எழுதிவிட்டு எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2011 கடைசியில் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசி வேறொரு வழி கண்டது. வேலை நேரம் முடிந்து அரை மணி நேரத்தில் ஊழியர்களின் கைபேசிக்கு மின்னஞ்சல் போவதைச் சர்வரே நிறுத்திவிடும், மறுநாள் வேலைக்கு அரை மணி நேரம் முன்னால் திரும்பத் திறக்கும். மேல்மட்ட மேலாளர்களுக்கு இது கிடையாது. அவர்களில் பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கு வேலை நேரச் சட்டமே பொருந்தாது, சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கும் அப்படித்தான். மருத்துவமனை, உணவகம் போன்ற இடங்களில் 11 மணி நேரத்தைப் பத்தாகக் குறைக்கலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் இன்னொரு நாள் கூடுதலாகக் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். 2023இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: அடுத்த நாள் ஷிஃப்ட் நேரம் மாறியது பற்றி வரும் குறுஞ்செய்தியை, நிறுவனத்தின் விதிகள் அதற்கு இடம் கொடுத்திருந்தால், ஊழியர் தன் ஓய்வு நேரத்திலும் பார்த்துத்தான் ஆக வேண்டும். கோடு இருக்கிறது, ஆனால் அதன் ஓரங்கள் தேய்ந்துகொண்டே வருகின்றன.

இதுவரை சொன்னதைக் கேட்டால் வேலை குறையக் குறைய இந்த இன்பம் கூடும் என்று தோன்றும். அப்படி இல்லை என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு, அதுவும் ஜெர்மன் பேசும் ஊரில் நடந்ததுதான். வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்டால் என்ற ஊர் முழுக்க ஒரே ஜவுளி ஆலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதாரச் சரிவில் ஆலை மூடப்பட்டது. மரி யாகோடா, பால் லாஸர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் ஸைஸல் ஆகியோர் அடங்கிய குழு 1931 கடைசியில் அங்கே போய், வேலையில்லாத மக்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பார்த்தது. 1933இல் புத்தகமாக வந்தது. கையில் நேரம் கொட்டிக் கிடந்தது, ஊரில் தொழிலாளர் நூலகம் இருந்தது, ஆனால் இரவல் வாங்கும் புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னால் எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர அவர்களுக்கு நினைவில் எதுவும் தங்கவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் வேலை இல்லாமல் போனபோது அந்தப் பக்கத்து ஓய்வும் போய்விட்டது.

பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். அவர்களுக்கும் ஆலைச் சம்பளம் நின்றுபோயிருந்தது, ஆனால் சமையல், துணி துவைப்பு, கிழிந்ததைத் தைப்பது, பிள்ளைகள் என்று நாள் முழுக்க வேலை நிறைந்திருந்தது. இதில் இன்னொன்றும் தெரிகிறது. ஆலை ஓடிய காலத்திலும் ஆணுக்கு ஆலையை விட்டு வெளியே வந்ததும் ஃபையராபென்ட், பெண்ணுக்கு ஆலை விட்ட பிறகு வீட்டில் இரண்டாவது ஷிஃப்ட். வீட்டு வேலைக்கு முடிகிற நேரம் என்று யாரும் கோடு போட்டதில்லை. ஜெர்மன்காரர்கள் பெருமையாகச் சொல்லும் இந்தச் சொல் நீண்ட காலம் வீட்டில் பாதிப் பேருக்குத்தான் சொந்தமாக இருந்தது. அதைச் சொல்லாமல் இந்த உணர்வைப் பற்றிப் பேசுவது நியாயமாக இருக்காது.

அப்புறம் ஃபெர்ன்வே. இது வயதில் மிகவும் இளைய சொல், வேறொரு சொல்லைப் பார்த்து உருவானது. அந்த மூத்த சொல் ஹைம்வே: ‘ஹைம்’ வீடு, ‘வே’ வலி. சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அதை ஒரு நோயாகவே எடுத்து ஆய்வேடு எழுதினார். இன்று உலகெங்கும் புழங்கும் நோஸ்டால்ஜியா என்ற சொல்லையும் அவர்தான் கிரேக்க வேர்களிலிருந்து கட்டினார். பெர்ன் நகரத்திலிருந்து படிக்க வந்த ஓர் இளைஞனைப் பற்றி அதில் எழுதுகிறார். காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு என்று சாகும் நிலைக்குப் போனவனை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவானதுமே தேறத் தொடங்கினான், வீடு போய்ச் சேர்வதற்குள் குணமாகிவிட்டான். வீட்டு ஏக்கத்துக்கு மருந்து வீடு. எவ்வளவு தூரம் என்றாலும் போய்ச் சேரக்கூடிய ஓர் இடம் அதற்கு உண்டு.

‘ஃபெர்ன்’ என்றால் தூரம். தூரத்தினால் வரும் வலி இல்லை, தூரம் வேண்டும் என்ற வலி. இந்தச் சொல்லை அச்சில் முதலில் கொண்டுவந்தவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவர் ஹெர்மான் ஃபான் பியூக்லர்-முஸ்காவ் என்ற இளவரசர். 1835இல் வந்த பயண நூலில், தன்னை வீட்டு ஏக்கம் வாட்டுவதில்லை, வாட்டுவது தூரத்து ஏக்கம்தான் என்ற பொருளில் எழுதினார். பியூக்லர் தோட்டக் கலையில் பெரிய பெயர். முஸ்காவில் நைஸ ஆற்றின் இரண்டு கரையிலும் அவர் உருவாக்கிய பூங்கா இப்போது ஒரு பகுதி ஜெர்மனியிலும் மறு பகுதி போலந்திலும் இருக்கிறது, 2004இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். ஜெர்மனியிலேயே மிக அழகான இடங்களில் ஒன்றைத் தன் கையால் உருவாக்கிவிட்டு அங்கே உட்கார முடியாமல் தவித்தவர் அவர். பூங்காவுக்குச் செலவழித்தே கடனில் மூழ்கினார். பணக்கார மணப்பெண் தேடி இங்கிலாந்து போக வசதியாக, மனைவி லூசியோடு பேசி வைத்துக்கொண்டே 1826இல் விவாகரத்து செய்தார். பெண் கிடைக்கவில்லை. அங்கிருந்து லூசிக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகிப் புகழும் பணமும் கொண்டுவந்தன. பிறகு வட ஆப்பிரிக்கா, எகிப்து, சூடான், சிரியா என்று சுற்றி 1840இல்தான் ஊர் திரும்பினார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த ஏக்கத்தின் இரண்டு குணங்கள் இவர் வாழ்க்கையில் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, அதற்குப் போய்ச் சேரும் இடம் கிடையாது. அல்ஜியர்ஸ் தூரமாக இருந்தவரை அல்ஜியர்ஸ், அங்கே போனதும் அது பக்கம் ஆகிவிட்டது, அடுத்தது எகிப்து. ஹோஃபரின் நோயாளியைப் போல இவரை எங்கே அனுப்பிக் குணப்படுத்துவது? இரண்டாவது, இந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ள முடிந்தவர்கள் அன்று மிகச் சிலர்தான், அதன் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். எகிப்துப் பயணத்தின்போது பியூக்லர் அடிமை வியாபாரிகளிடமிருந்து ஓர் எத்தியோப்பியச் சிறுமியை வாங்கினார். மஹ்பூபா என்று பெயர் வைத்துத் தன்னோடு ஐரோப்பாவுக்குக் கூட்டிவந்தார். 1840 அக்டோபரில் அந்தப் பெண் முஸ்காவில் நோயில் இறந்துபோனாள், கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. தூரத்தைத் தேடிப் போனவர் வீடு திரும்பினார், அவர் கூட்டிவந்த பெண்ணுக்குத் திரும்பிப் போகவே வழியில்லை. ஃபெர்ன்வே என்று பயண விளம்பரத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவுதான் வருகிறது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதில் முரண் இல்லை. ஒழுங்காக எட்டு மணி நேர வேலை, ஒழுங்கான மாலை, ஒழுங்கான ஞாயிறு என்று ஓடும் வாழ்க்கையில்தான், ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்ற நமைச்சல் பெரிதாகும். ஆனால் இந்த இரண்டு சொற்களும் ஒரு நாட்டின் நிர்வாகத்தில் நேருக்கு நேர் சந்தித்த கதை ஒன்று உண்டு. அது கிழக்கு ஜெர்மனி.

1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லினில் எல்லையை அடைத்தார்கள். அதன் பிறகு சாதாரணக் கிழக்கு ஜெர்மன் குடிமகனுக்கு விடுமுறை என்றால் பால்டிக் கடற்கரை, ஹங்கேரியின் பலடோன் ஏரி, பல்கேரியாவின் கருங்கடல் கரை போன்ற சோஷலிச நாட்டு இடங்கள், அவ்வளவுதான். இத்தாலியும் பாரிஸும் தொலைக்காட்சியில் தெரியும், போக முடியாது. ஒரு கூட்டத்துக்கு மட்டும் கதவு திறந்தது. 1964 நவம்பரிலிருந்து, 60 வயது நிறைந்த பெண்களும் 65 வயது நிறைந்த ஆண்களும் ஆண்டுக்கு ஒருமுறை நான்கு வாரம் வரை மேற்கில் இருக்கும் உறவினர்களைப் பார்த்து வரலாம் என்றார்கள். ஓய்வூதியக்காரர் அங்கேயே தங்கிவிட்டால் அரசுக்கு ஓய்வூதியம் மிச்சம், வேலை செய்கிறவர் தங்கிவிட்டால் ஒரு கை குறையும். இந்தக் கணக்கு ஊருக்கே தெரியும். அதே நாட்டில் முதியோர் இல்லத்தின் அதிகாரபூர்வப் பெயர் என்ன தெரியுமா? ஃபையராபென்ட்ஹைம். வாழ்நாள் வேலை முடிந்தவர்களின் வீடு. ஆக, ஒருவருக்கு ஃபெர்ன்வே எந்த வயதில் வந்தாலும், அதைத் தீர்த்துக்கொள்ளும் அனுமதி ஃபையராபென்ட் வந்த பிறகுதான் கிடைக்கும். குடும்பத்தில் அவசரம் என்று மனுக் கொடுத்து இளையவர்கள் போய் வருவது 1980களின் பிற்பாதியில் கூடியது, அப்போதும் கணவனையும் மனைவியையும் சேர்த்து அனுப்பத் தயங்கினார்கள். ஒருவர் பிணை போல ஊரில் இருக்க வேண்டும்.

நமக்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1980களின் முற்பாதியில் இலங்கையிலிருந்து தப்பிய தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில்தான் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லின் போய்ப் புகலிடம் கேட்டார்கள். கிழக்குப் பக்கம் அவர்களைத் தடுக்கவில்லை, 1985இல் மேற்கு ஜெர்மனியின் அழுத்தத்தால்தான் அந்த வழி அடைபட்டது. ஐம்பது வயது பெர்லின்காரர் தாண்ட முடியாத எல்லையை யாழ்ப்பாணத்து இளைஞன் சில மணி நேரத்தில் தாண்டினான். அவன் மனதில் தூரத்தின் மேல் எந்த ஆசையும் இருந்திருக்காது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கு வந்தது ஹைம்வே, அதுவும் ஹோஃபர் சொன்ன மருந்து கிடைக்காத ஹைம்வே.

65 வயது வரை காத்திருக்க முடியாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோஸ்டாக் பகுதியில் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர். அங்கிருந்து பார்த்தால் வார்னமுண்டே துறைமுகத்திலிருந்து டென்மார்க்குக்குப் படகு போவது தெரியும், தினமும் போகும். சாக்ஸனியைச் சேர்ந்த ஸோய்ம என்ற எழுத்தாளர் 1801 கடைசியில் கிளம்பி நடந்தே ஸிசிலியின் ஸிராக்யூஸ் வரை போய் வந்திருந்தார். அதே வழியில் போக வேண்டும் என்பதுதான் பரிமாறுபவரின் ஆசை. முறையாகக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு, பல ஆண்டுகள் தயார் செய்து, 1988 கோடையில் ஹிட்டன்ஸே தீவிலிருந்து ஒரு சின்னப் படகில் தனியாக டென்மார்க் போய்ச் சேர்ந்தார். இத்தாலி வழியே ஸிராக்யூஸ் பார்த்தார். பிறகு, மேற்கில் யாருமே எதிர்பார்க்காத காரியமாக, அதே ஆண்டு கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பி வந்தார். அவருக்கு அங்கே மனைவி இருந்தார், வேலை இருந்தது, ஊர் இருந்தது. அவர் தப்பி ஓட நினைத்தவரே இல்லை, போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வர நினைத்தவர். கிழக்கு ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவு எதுவும் இல்லை. 213ஆம் பிரிவில் சட்டவிரோதமாக எல்லை தாண்டுதல் என்ற ஒரே குற்றம்தான் எழுதியிருந்தது, திரும்பி வரும் எண்ணத்தோடு போனவருக்கும் அதே பிரிவுதான். அவர் திரும்பி ஓராண்டு கழித்து, 1989 நவம்பரில் எல்லை எல்லா வயதுக்கும் திறந்தது.